பள்ளி முதல்வருக்குப் புகார்க் கடிதம்: கோபத்தில் எழுதிவிட்டேன், திருத்தித் தர முடியுமா?

நீலக்குடை (இழையைத் தொடங்கியவர்)

என் பையன் ஆறாம் வகுப்பு. வகுப்பில் மூன்று பையன்கள் அவனைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். வகுப்பாசிரியையிடம் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் கணவரிடம் காட்டினேன். "இதைப் படிச்சா அவங்க நம்மகிட்ட சண்டைக்குத்தான் வருவாங்க" என்றார். எதை மாற்ற வேண்டும் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடிதத்தின் முக்கியமான பகுதி இது:

"உங்கள் பள்ளியில் என் மகன் தினமும் சித்திரவதை அனுபவித்து வருகிறான். மூன்று ரவுடிப் பையன்கள் அவனைக் கேவலமான வார்த்தைகளால் திட்டுகிறார்கள், அவன் பொருள்களை நாசம் செய்கிறார்கள். வகுப்பாசிரியைக்கு எல்லாம் தெரிந்தும் கண்டுகொள்ளவே இல்லை. அந்தப் பையன்களைப் பெற்றவர்கள் எப்படி வளர்த்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. என் மகன் கடுமையான மன உளைச்சலில் இருக்கிறான். அவனுக்கு ஏதாவது ஆனால் முழுப் பொறுப்பும் பள்ளியையே சாரும். உடனடியாகத் தகுந்த நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

சொன்னது எல்லாம் உண்மை. ஆனாலும் எங்கேயோ இடிக்கிறது.

மூணு பிள்ளை அப்பா

பள்ளியை மாற்றிவிடுங்கள் சகோதரி. வருஷத்தின் நடுவில் என்றாலும் பரவாயில்லை. என் இரண்டாவது பையனுக்கு அதைத்தான் செய்தோம்.

நீலக்குடை

அண்ணா, பள்ளியை மாற்றலாமா என்று கேட்கவில்லை. கடிதத்தை எப்படி மாற்றுவது என்றுதான் கேட்டேன்.

கறார் பேர்வழி

கடிதம் ரொம்பச் சாதுவாக இருக்கிறது. "24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை இல்லையென்றால் காவல் நிலையத்துக்குப் போவேன்" என்று ஒரு வரி சேருங்கள். நிர்வாகக் குழு, கல்வி அதிகாரி, பெற்றோர் சங்கம் எல்லோருக்கும் நகல் போடுங்கள். மூன்று பையன்களின் பெயர், அப்பா பெயர், வேலை எல்லாம் இருக்கட்டும். பயந்தால்தான் வேலை நடக்கும். அப்புறம் முக்கியமானது: சிசிடிவி பதிவைக் கேளுங்கள். அது சில நாளில் அழிந்துவிடும்.

பழைய ஹெச்எம்

பல வருஷம் தலைமையாசிரியராக இருந்தவன். இப்படிப்பட்ட கடிதங்கள் என் மேசைக்கு நிறையவே வந்திருக்கின்றன. உங்கள் கடிதம் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உள்ளபடி சொல்கிறேன். வகுப்பாசிரியையைக் கூப்பிட்டு "என்னம்மா இது" என்று கேட்டிருப்பேன். அவர் "விளையாட்டுல ஏதோ நடந்திருக்கும் சார், பையன் நல்லாத்தான் இருக்கான்" என்பார். நான் உங்களுக்கு "கவனித்துக்கொள்கிறோம்" என்று இரண்டு வரி அனுப்பியிருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

காரணம் என்னவென்றால், படித்து முடித்ததும் நான் எழுந்து போய்ப் பார்ப்பதற்கு அதில் எதுவுமே இல்லை. எந்தத் தேதி, எந்த இடம், யார் பக்கத்தில் இருந்தார்கள், ஒன்றும் இல்லை. ஆசிரியையைப் பற்றியும் பெற்றோர்களைப் பற்றியும் தீர்ப்பு மட்டும் இருக்கிறது. தீர்ப்பைப் படிக்கிற முதல்வர் தன் ஆளைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், நானும் அதைத்தான் செய்தேன்.

முதலில் மூன்று கேள்விகள். "கேவலமான வார்த்தை" என்றால் எந்த வார்த்தை? "நாசம்" ஆனது எந்தப் பொருள்? மன உளைச்சல் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

நீலக்குடை

வார்த்தையை எழுதவே கை வரவில்லை சார். பையனுக்குக் கொஞ்சம் திக்கும். "ரிப்பீட்டு" என்று கூப்பிடுகிறார்கள். அவன் வாசிக்க எழுந்தால் பின்னாலிருந்து முதல் எழுத்தை நான்கு தடவை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பொருள் என்பது அறிவியல் நோட்டு. கை கழுவும் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார்கள். பக்கமெல்லாம் ஒட்டிப்போய் அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது, வைத்திருக்கிறேன்.

மன உளைச்சல்... எப்படிச் சொல்வது. தண்ணீர் பாட்டில்தான். கொடுத்து அனுப்பிய தண்ணீர் அப்படியே முழுசாகத் திரும்பி வருகிறது. முதலில் திட்டினேன். பத்து நாள் கழித்துத்தான் சொன்னான்: தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்கிறார்களாம்.

பழைய ஹெச்எம்

அம்மா, இதுதான் கடிதம். "கடுமையான மன உளைச்சல்" என்பதை நான் எந்தக் கடிதத்திலும் படிப்பேன், கடந்து போவேன். "இரண்டு வாரமாகத் தண்ணீர் பாட்டில் திறக்காமலே வீட்டுக்கு வருகிறது" என்று படித்தால் அப்படியே நின்றுவிடுவேன். அதோடு எனக்கு ஒரு வேலையும் கிடைக்கிறது: இடைவேளையில் அந்தக் கழிப்பறை வாசலில் ஒருவரை நிறுத்த வேண்டும். நாளைக்கே செய்யலாம், யாரையும் விசாரிக்கக்கூட வேண்டாம்.

"ரிப்பீட்டு" என்ற வார்த்தையை அப்படியே மேற்கோளுக்குள் போடுங்கள். நாகரிகம் கருதி மறைத்தால் படிக்கிறவர் ஏதோ சாதாரணக் கிண்டல் என்று நினைத்துக்கொள்வார். அது அவனால் மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றைக் குறிவைக்கிறது, மூன்று பேர் சேர்ந்து ஒருவனுக்குச் செய்கிறார்கள், திரும்பத் திரும்ப நடக்கிறது. டான் ஒல்வியஸ் என்ற ஆய்வாளர் 1970களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்தார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத ஆளிடம் செய்வது, இந்த மூன்றும் சேர்ந்தால் அது சண்டை அல்ல, கொடுமைப்படுத்துதல் என்றார். அந்தப் பெயரெல்லாம் கடிதத்தில் வேண்டாம். சம்பவங்களைத் தேதியோடு வரிசையாக வைத்தாலே மூன்றும் தானாகத் தெரிந்துவிடும்.

கறார் பேர்வழி சொன்னதில் சிசிடிவி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. கழிப்பறைக்குள் கேமரா இருக்காது, இருக்கவும் கூடாது. ஆனால் அதற்குப் போகும் நடைவழியில் இருக்கலாம். பதிவின் நகலைக் கேட்காதீர்கள். மற்றக் குழந்தைகளும் அதில் இருப்பதால் தர மாட்டார்கள், அந்த வாதத்திலேயே ஒரு வாரம் ஓடிவிடும். "இந்தத் தேதி, இந்த நேரப் பதிவை அழியாமல் எடுத்துவைத்து நீங்கள் பாருங்கள்" என்று கேளுங்கள்.

மிரட்டல் வரி வேண்டாம். முதல் கடிதத்திலேயே போலீஸ் என்று எழுதினால் அது முதல்வரின் மேசையில் நிற்காது, வக்கீலிடம் போகும். அதற்குப் பிறகு வருகிற பதில் ஒவ்வொன்றும் வக்கீல் பார்த்த பதிலாகத்தான் இருக்கும். அடித்து எலும்பு முறிந்தது, பாலியல் சீண்டல், பணம் பறித்தது என்றால் கதை வேறு. அங்கே கடிதத்துக்குக் காத்திருக்கவே கூடாது.

கறார் பேர்வழி

எல்லாவற்றையும் மென்மையாக எழுதச் சொல்லித்தான் பள்ளிகள் தப்பிக்கின்றன. நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் என்பதால் இப்படிச் சொல்கிறீர்கள்.

பழைய ஹெச்எம்

இருக்கலாம். ஆனால் நான் பயந்தது கத்துகிற கடிதத்துக்கு அல்ல. "இந்தத் தேதி சொன்னேன், இந்தத் தேதி மறுபடி நடந்தது" என்று எழுதுகிற கடிதத்துக்குத்தான். அதை என் கோப்பிலிருந்து எடுத்து வேறு யார் படித்தாலும் என்னைத்தான் கேள்வி கேட்பார்கள்.

ராத்திரி ஷிப்ட்

என் பெண்ணுக்கு வாட்ஸ்அப் குழுவில் இதே தொல்லை. நானும் தேதி போட்டுத்தான் எழுதினேன், "பள்ளிக்கு வெளியே நடந்தது, நாங்கள் பொறுப்பில்லை" என்று பதில் வந்தது. கடிதத்தால் என்ன ஆகிவிடப்போகிறது?

பழைய ஹெச்எம்

வெளியே நடந்தது உள்ளே என்ன செய்கிறது என்பதை எழுதினீர்களா? மறுநாள் வகுப்பில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை என்பது போல? அதை எழுதினால் அவர்கள் எல்லைக்குள் வந்துவிடும். உங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே இந்த அம்மாவை முடிப்போம்.

நீலக்குடை அம்மா, "தினமும்" என்று எழுதியிருக்கிறீர்களே, நிஜமாகவே தினமுமா?

நீலக்குடை

தினமும் என்று சொல்ல முடியாது. தேதி தெரிந்து மூன்று. 3ஆம் தேதி வியாழன் கழிப்பறைக் கதவு. அன்று வகுப்புக்குத் தாமதமாகப் போனதற்கு டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள், அதனால் தேதி தெரியும். 8ஆம் தேதி செவ்வாய் அறிவியல் வகுப்பில் வாசித்தபோது. 15ஆம் தேதி செவ்வாய் நோட்டு. பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது அடிக்கடி நடக்கிறது, கணக்கு இல்லை. வகுப்பாசிரியையிடம் வாசலில் பேசியது 9 அல்லது 10.

பழைய ஹெச்எம்

"தினமும்" வேண்டாம். ஒரு திங்கட்கிழமை அவன் சிரித்துக்கொண்டு இருந்ததை ஆசிரியை நினைவு வைத்துச் சொன்னால், உண்மையான மூன்று சம்பவங்களும் அதோடு சேர்ந்து அடிபட்டுப்போகும். "தேதி தெரிந்தவை மூன்று, பட்டப்பெயர் சொல்லி அழைப்பது இதற்கு வெளியிலும் நடப்பதாக மகன் சொல்கிறான்" என்று எழுதுங்கள்.

டைரிக் குறிப்பு பெரிய சொத்து. அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது, அவன் தாமதமாக வந்தான் என்று. ஏன் தாமதம் என்பதை நீங்கள் சேர்க்கிறீர்கள். 9ஆ 10ஆ என்பதை யோசித்து முடிவு செய்யாதீர்கள், அன்று மாலை யாருக்காவது செய்தி அனுப்பியிருந்தால் பாருங்கள்.

நீலக்குடை

பார்த்தேன். 9ஆம் தேதி மாலை என் அக்காவுக்கு "மிஸ்கிட்ட பேசிட்டேன்" என்று அனுப்பியிருக்கிறேன்!

ஒன்று சொல்லாமல் விட்டேன். 15ஆம் தேதி நோட்டைப் பார்த்ததும் அவன் அந்த மூவரில் ஒருவனைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அந்தப் பையன் சுவரில் இடித்துக்கொண்டான். காயம் இல்லை. இதை எழுதினால் நம் பக்கம் பலவீனமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஓரமா நிக்கிறேன்

இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இப்போது பேச வேண்டும் போலிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எதிர்ப்பக்கம். என் பையன் ஒரு பெண்ணைக் கிண்டல் செய்கிறான் என்று கடிதம் வந்தது. "வளர்ப்பு சரியில்லை" என்று இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நானும் என் மனைவியும் ஒரு மாதம் சண்டை போட்டோம், பையன் செய்தது சரியா தப்பா என்று கேட்கவே இல்லை. பிறகு முதல்வர் கூப்பிட்டுத் தேதி தேதியாகச் சொன்னபோதுதான் உறைத்தது.

தள்ளிவிட்டதை நீங்களே எழுதிவிடுங்கள். எதிர்ப் பெற்றோர் முதலில் சொல்லப்போவது அதைத்தான். நான் அப்படித்தான் சொன்னேன்.

பெயர்களைக் கடிதத்தில் போடாதீர்கள். எங்கள் விஷயத்தில் கடிதம் அலுவலகத்தில் நான்கு கை மாறி, வாசலில் நிற்கிற பெற்றோர் வரைக்கும் போய்விட்டது.

பழைய ஹெச்எம்

தள்ளியது பற்றி அவர் சொல்வதுதான் சரி. நீங்கள் எழுதினால் அது ஒரு வரி. அவர்கள் கண்டுபிடித்தால் அதுவே முழுக் கதையாகிவிடும்.

பெயர் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பெயர் இல்லாவிட்டால் யாரை விசாரிப்பது? முதல்வருக்கு மட்டும் என்று உறையில் எழுதிப் பெயரோடு கொடுக்கலாம்.

ஓரமா நிக்கிறேன்

உறையை யார் பிரிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும் சார்.

நீலக்குடை

கடிதத்தில் "மாணவர் அ, ஆ, இ" என்று எழுதி, பெயர்களை நேரில் ஒரு தனித் தாளில் கொடுத்துவிடுகிறேன். இரண்டு பேரும் திட்டாதீர்கள்.

அப்புறம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. மூவரையும் நீக்கச் சொல்லலாமா?

பழைய ஹெச்எம்

நீக்கச் சொன்னால் "முடியாது" என்று ஒரே வார்த்தையில் பதில் தரலாம், கோப்பு மூடிவிடும். அவர்களுக்கு என்ன தண்டனை என்று கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், அது அந்தப் பிள்ளைகளின் விவகாரம். உங்கள் பையனுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

"தகுந்த நடவடிக்கை" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எது தகுந்தது என்று அவர்களே முடிவு செய்ய நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். செய்தார்களா இல்லையா என்று பார்த்தால் தெரிகிற மாதிரி கேளுங்கள். இடம் மாற்றினால் உங்கள் பையனைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள், பழக்கம் அப்படி. அதை முன்கூட்டியே தடுத்து எழுதுங்கள்.

நேரில் பார்த்தது, மகன் சொன்னது இரண்டையும் கலக்காதீர்கள். "கதவைப் பிடித்துக்கொண்டார்கள்" என்று நீங்கள் எழுத முடியாது, நீங்கள் அங்கே இல்லை. "பிடித்துக்கொண்டதாக மகன் சொன்னான்" என்று எழுதுங்கள். நோட்டு ஈரமாக வந்ததை நீங்களே பார்த்தீர்கள், அதை நேராக எழுதலாம். இன்னொன்று, பையனிடம் "அவன்தானே செய்தான்?" என்று கேட்டு எடுக்காதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். நாளை அவர்கள் அவனைத் தனியாகக் கேட்கும்போது அவன் சொல்வதும் கடிதமும் ஒத்துப்போக வேண்டும்.

நீலக்குடை

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். பையனுக்கும் வாசித்துக் காட்டினேன். கடிதம் அனுப்புவதே அவனுக்குப் பிடிக்கவில்லை, "இன்னும் ஜாஸ்தியா பண்ணுவாங்க" என்றான். அதையும் ஒரு கோரிக்கையாக மாற்றினேன்.

"பொருள்: 6ஆம் வகுப்பு மாணவர் மீது மீண்டும் மீண்டும் நடக்கும் கொடுமைப்படுத்துதல், பாதுகாப்பு ஏற்பாடு கோருதல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

என் மகன் உங்கள் பள்ளியில் 6ஆம் வகுப்பில் படிக்கிறான். அவனுக்குப் பேச்சில் திக்கல் உண்டு. இந்த மாதம் நடந்த, தேதி தெரிந்த மூன்று சம்பவங்களைக் கீழே தருகிறேன். மகன் சொன்னதையும் நானே பார்த்ததையும் தனித்தனியாகக் குறித்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் அவன் வகுப்பு மாணவர்கள் மூவர் (அ, ஆ, இ). பெயர்களை உங்களிடம் நேரில் தருகிறேன்.

3ஆம் தேதி, வியாழன், காலை இடைவேளை: தான் கழிப்பறையில் இருந்தபோது மூவரும் வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டதாக மகன் சொன்னான். அவன் 10 நிமிடம் தாமதமாக வகுப்புக்கு வந்ததாக அன்றைய டைரியில் ஆசிரியரின் குறிப்பு உள்ளது.

8ஆம் தேதி, செவ்வாய், அறிவியல் வகுப்பு: அவன் வாசித்தபோது அ, ஆ இருவரும் அவன் திக்குவதைப் போலச் செய்து, 'ரிப்பீட்டு' என்று அழைத்ததாகச் சொன்னான். ஆசிரியர் 'அமைதி' என்று சொன்னதாகவும் கூறினான்.

15ஆம் தேதி, செவ்வாய், மதிய இடைவேளை: அவனுடைய அறிவியல் நோட்டை இ கை கழுவும் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்ததாகச் சொன்னான். நோட்டு முழுவதும் நனைந்து வீட்டுக்கு வந்ததை நான் பார்த்தேன், வைத்திருக்கிறேன். அப்போது என் மகன் இ-யைத் தள்ளிவிட்டான். அது தவறு என்று அவனிடம் பேசியிருக்கிறோம்.

'ரிப்பீட்டு' என்று அழைப்பது இந்த நாள்களுக்கு வெளியிலும் நடப்பதாக மகன் சொல்கிறான். கடந்த இரண்டு வாரமாக அவனது தண்ணீர் பாட்டில் குடிக்கப்படாமல் திரும்பி வருகிறது. கழிப்பறைக்குப் போவதைத் தவிர்ப்பதற்காகக் குடிப்பதில்லை என்று சொன்னான்.

9ஆம் தேதி வகுப்பாசிரியையிடம் நேரில் தெரிவித்தேன். பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். 15ஆம் தேதி சம்பவம் அதற்குப் பிறகு நடந்தது.

நான் கேட்பவை: இடைவேளைகளில் அந்தக் கழிப்பறை வாசலில் வரும் திங்கள் முதல் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். 3, 15 தேதிகளின் இடைவேளை நேர நடைவழிக் கேமராப் பதிவுகளை அழியாமல் வைத்து நீங்கள் பார்க்க வேண்டும். என் மகனையும் அந்த மாணவர்களையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். இருக்கை மாற்றம் தேவைப்பட்டால் என் மகனின் இடம் மாறக் கூடாது. புகார் கொடுத்ததற்காக அவனுக்குத் தொல்லை வந்தால் அவன் உடனே யாரிடம் போக வேண்டும் என்று ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும்.

வரும் புதன், 23ஆம் தேதிக்குள் நேரில் சந்திக்க நேரம் தாருங்கள். எடுத்த ஏற்பாடுகளை 25ஆம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

பழைய ஹெச்எம்

என் மேசைக்கு வந்திருந்தால் மத்தியானத்துக்குள் உங்களைக் கூப்பிட்டிருப்பேன். மாற்ற ஒன்றும் இல்லை. மின்னஞ்சலில் அனுப்புங்கள். கையிலும் கொடுப்பதானால் நகலில் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

கறார் பேர்வழி

போலீஸ் வரி இல்லாமலே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. நிர்வாகத்துக்கு நகல் போட்டால் என்ன தப்பு என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

பழைய ஹெச்எம்

25ஆம் தேதி தாண்டட்டும். அன்று இதே கடிதத்தை இணைத்து மூன்று வரியில் மேலே அனுப்பலாம். முதல்வருக்கு வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்பதும் அதில் தெரியும்.

நீலக்குடை (ஆறு நாள் கழித்து)

திங்கட்கிழமை அனுப்பினேன், செவ்வாய் கூப்பிட்டார்கள். 3ஆம் தேதிப் பதிவு ஏற்கெனவே அழிந்துவிட்டது. 15ஆம் தேதிப் பதிவில் நோட்டோடு ஒருவன் போவது தெரிகிறதாம். கழிப்பறை வாசலில் ஓர் ஆயா நிற்கிறார், பையன் சொன்னான். விளையாட்டு ஆசிரியரிடம் போகலாம் என்று பெயர் கொடுத்தார்கள். வகுப்பாசிரியை என் முகத்தையே பார்க்கவில்லை, அது ஒரு மாதிரி இருந்தது.

இப்போது புதுச் சிக்கல். வெள்ளிக்கிழமை நான்கு பையன்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கை குலுக்க வைக்கலாம் என்கிறார் முதல்வர். பையன் வர மாட்டேன் என்று அழுகிறான். முதல்வரைப் பகைத்துக்கொள்ளவும் விருப்பமில்லை. என்ன பதில் எழுதுவது?

மூணு பிள்ளை அப்பா

போகட்டுமே, பிள்ளைகள் சமாதானமாகிவிடும். எங்கள் காலத்தில் அப்படித்தான்.

பழைய ஹெச்எம்

சண்டை போட்ட இரண்டு பேருக்கு அது சரி. மூன்று பேருக்கு நடுவில் திக்கிப் பேசும் ஒரு பையனை உட்கார வைத்து "சொல்லு" என்றால் அது இன்னொரு அறிவியல் வகுப்புதான். இப்படி எழுதுங்கள்: "உங்கள் முயற்சிக்கு நன்றி. ஒரே அறையில் சந்திக்க மகன் இப்போது தயாராக இல்லை. அவர்களோடு தனியாகப் பேசி, நான்கு வாரம் எந்தச் சம்பவமும் இல்லை என்றால், அவன் சம்மதத்தோடு அப்போது யோசிக்கலாம்." அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம்.

ஓரமா நிக்கிறேன்

என் பையன் கை குலுக்கினான். மறுநாளே அந்தப் பெண்ணிடம் "எங்க மிஸ்கிட்ட போட்டுக் கொடுத்துட்டல்ல" என்று கேட்டிருக்கிறான். எழுதி அனுப்பிவிடுங்கள்.

நீலக்குடை

அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. பாட்டில் இன்று பாதிதான் காலி.